இன்ட்யூஸ்ட் கரண்ட் எந்தப் பக்கம் ஓடும்? ஃப்ளக்ஸ் கூடுதா குறையுதான்னு முதல்ல பாருங்க

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கிறேன், நீட்டுக்கும் ரெடி ஆகிட்டு இருக்கேன். லென்ஸ் விதி மனப்பாடமா தெரியும், ஆனா இன்ட்யூஸ்ட் கரண்ட் க்ளாக்வைஸா ஆன்டிக்ளாக்வைஸான்னு கேட்டா பாதி நேரம் தப்பா வருது. "எதிர்க்கும்"னா எதை எதிர்க்கும்? எந்தக் கை விதியை எப்ப யூஸ் பண்றது? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

பதில்:

பெரும்பாலும் தப்பு வர்றது ஒரே இடத்துலதான். கணக்குல "காந்தப்புலம் பேப்பருக்கு உள்ளே போகுது"ன்னு பார்த்த உடனே, எதிர்க்கணும்ல அப்ப இன்ட்யூஸ்ட் ஃபீல்ட் வெளியே வரணும்னு முடிவு பண்ணிடறோம். அதாவது ஃபீல்டையே எதிர்க்குதுன்னு எடுத்துக்கறோம். ஆனா லூப்புக்கு வெளி ஃபீல்ட் எந்தப் பக்கம் இருக்குங்கறது ஒரு பிரச்சினையே இல்ல, எவ்வளவு பெரிய ஃபீல்டா இருந்தாலும் மாறாம அப்படியே இருந்தா கரண்ட்டே வராது. லூப் வழியா போற ஃப்ளக்ஸ் மாறினாத்தான் கரண்ட் வரும், அந்தக் கரண்ட் எதிர்க்கறதும் அந்த மாற்றத்தை மட்டும்தான். அதனால சில நேரம் இன்ட்யூஸ்ட் ஃபீல்ட் வெளி ஃபீல்டுக்கு எதிரா இருக்கும், சில நேரம் அதே பக்கமாவே இருக்கும். பாதி தப்பா வருதுன்னு சொன்னீங்களே, இதனாலதான் பாதி. ஃப்ளக்ஸ் கூடற கணக்கு எல்லாம் உங்களுக்கு சரியா வந்திருக்கும், குறையற கணக்கு எல்லாம் தப்பா வந்திருக்கும், பழைய டெஸ்ட் பேப்பரை எடுத்து செக் பண்ணிப் பாருங்க.

அதனால கையை மடக்கறதுக்கு முன்னாடி பேப்பர் ஓரத்துல ரெண்டு வார்த்தை எழுதுங்க. லூப்புக்குள்ள வெளி ஃபீல்ட் எந்தப் பக்கம், அது ஒண்ணு. ஃப்ளக்ஸ் கூடுதா குறையுதா, அது ரெண்டாவது. "உள்ளே, கூடுது", "உள்ளே, குறையுது", இப்படி. கூடுதுன்னா இன்ட்யூஸ்ட் ஃபீல்ட் அதுக்கு எதிர்ப்பக்கம், குறையுதுன்னா அதே பக்கம். இன்ட்யூஸ்ட் ஃபீல்ட் எந்தப் பக்கம்னு தெரிஞ்ச அப்புறம்தான் வலது கை வரும், கட்டைவிரலை லூப்புக்குள்ள அந்த இன்ட்யூஸ்ட் ஃபீல்ட் பக்கமா நீட்டினா மத்த விரல்கள் மடங்கற பக்கம்தான் கரண்ட். கட்டைவிரலை வெளி ஃபீல்ட் பக்கமா வைக்கக்கூடாது, இதையும் நிறைய பேர் மாத்தி வெச்சிடறாங்க.

இதை ஒரே ஒரு படத்துல முழுசா போட்டுப் பார்க்கலாம், ஏன்னா இந்தப் படம் திரும்பத் திரும்ப கேள்வித்தாள்ல வரும். பேப்பர்ல செங்குத்தா ஒரு நீளமான வயர், அதுல கரண்ட் மேல் நோக்கிப் போகுது. வயருக்கு வலது பக்கம் அதே பேப்பர் தளத்துல ஒரு செவ்வக லூப். வயரை வலது கையால பிடிச்சு கட்டைவிரலை மேல காட்டினா, வலது பக்கத்துல விரல்கள் பேப்பருக்குள்ள போகும், அதனால லூப் இருக்கற இடத்துல ஃபீல்ட் உள்ளே. இது மாறவே மாறாது. இப்ப கேள்வியில என்ன நடக்குதுங்கறதை மட்டும் பாருங்க.

வயர்ல கரண்ட் கூடுது: "உள்ளே, கூடுது", இன்ட்யூஸ்ட் ஃபீல்ட் வெளியே, கட்டைவிரல் உங்களைப் பார்த்து, ஆன்டிக்ளாக்வைஸ். கரண்ட் குறையுது: "உள்ளே, குறையுது", இன்ட்யூஸ்ட் ஃபீல்டும் உள்ளேதான், க்ளாக்வைஸ். கரண்ட் மாறல ஆனா லூப்பை வயரை விட்டு வலது பக்கமா இழுக்கறாங்க: தள்ளிப் போகப் போக ஃபீல்ட் பலவீனமாகும், அதனால மறுபடியும் "உள்ளே, குறையுது", க்ளாக்வைஸ். லூப்பை வயருக்கு இணையா மேல நகர்த்தறாங்க: வயருக்கும் லூப்புக்கும் இருக்கற தூரம் மாறல, ஃப்ளக்ஸ் மாறல, கரண்ட் இல்ல. லூப் வேகமா ஓடுதேன்னு ஏமாறாதீங்க, நகர்றதுனால மட்டும் கரண்ட் வராது.

இதே படத்துல இன்னொரு கேள்வியும் வரும், வயரை இன்சுலேஷனோட சரியா லூப்புக்கு நடுவுல போட்டுட்டு கரண்ட்டை வேகமா கூட்டினா என்ன ஆகும்னு. வயருக்கு வலப்பக்க பாதியில ஃபீல்ட் உள்ளே, இடப்பக்க பாதியில வெளியே, ரெண்டும் ஒரே அளவு, மொத்த ஃப்ளக்ஸ் எப்பவும் பூஜ்யம். கரண்ட்டை எவ்வளவு வேகமா மாத்தினாலும் லூப்ல ஒண்ணும் வராது. ஃபீல்டைப் பார்க்காம ஃப்ளக்ஸைப் பார்க்கணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு இதைவிட நல்ல கணக்கு இல்ல, இங்க ஃபீல்ட் எல்லா இடத்துலயும் மாறுது, ஆனா லூப்போட மொத்தக் கணக்குல மாற்றமே இல்ல.

வந்த விடை சரியான்னு செக் பண்ண ஒரு தனி வழி இருக்கு, அதை பழக்கப்படுத்திக்கோங்க, பத்து செகண்ட்தான் ஆகும். ஒரே திசையில கரண்ட் போற இணை வயர்கள் இழுக்கும், எதிர் எதிர் திசைன்னா தள்ளும், இது உங்களுக்குத் தெரியும். லூப்பை வலது பக்கம் இழுக்கும்போது க்ளாக்வைஸ்னு வந்துச்சுல்ல, க்ளாக்வைஸ்னா வயருக்குப் பக்கத்துல இருக்கற இடது பக்கக் கம்பியில கரண்ட் மேல போகும், வயர்லயும் மேல, அதனால ரெண்டும் இழுக்கும். வலது பக்கக் கம்பியில கரண்ட் கீழ போகுது, அது வயரால தள்ளப்படும், ஆனா அது தூரத்துல இருக்கறதால அந்த விசை கம்மி. மொத்தத்துல லூப் வயரை நோக்கி இழுக்கப்படுது, நீங்க வெளிய இழுக்கறீங்க, அது போக விடாம பிடிக்குது. விடை சரி. தப்பா ஆன்டிக்ளாக்வைஸ்னு போட்டிருந்தா லூப் தானாவே வெளிய தள்ளப்பட்டு வேகம் எடுக்கும், நாம ஒண்ணும் கொடுக்காமலே எனர்ஜி வரும், அது நடக்காது. லென்ஸ் 1834-ல தன்னோட விதியை வெளியிட்டப்பவும் ஃப்ளக்ஸ் கணக்கா சொல்லல, இந்த மாதிரி விசை, இயக்கம் வழியாத்தான் சொன்னார், அதாவது வர்ற கரண்ட் அந்த நகர்வை எதிர்க்கற மாதிரி இருக்கும்னு. அதனால இதை குறுக்கு வழின்னு நினைக்காதீங்க, விதியோட மூல வடிவமே இதுதான்.

அடுத்து மேக்னட் வளையத்துக்குள்ள விழற கணக்கு. இதுல நின்னு நிதானமா பார்க்கணும், நல்லா படிக்கறவங்களும் ரெண்டாவது பாதியில கவுந்துடறாங்க. வளையம் தரைக்கு இணையா இருக்கு, மேல இருந்து ஒரு சட்ட காந்தம் நார்த் போல் கீழ இருக்கற மாதிரி விழுது, நாம மேல இருந்து பார்க்கறோம். நார்த்ல இருந்து ஃபீல்ட் வெளிய வரும், அது கீழ் நோக்கி வளையத்துக்குள்ள போகுது, பக்கத்துல வர வர கூடுது. "கீழே, கூடுது". இன்ட்யூஸ்ட் ஃபீல்ட் மேலே, மேல இருந்து பார்த்தா ஆன்டிக்ளாக்வைஸ். இது வரைக்கும் எல்லாருக்கும் வந்துடும்.

மேக்னட் வளையத்தைத் தாண்டி கீழ போன அப்புறம் என்ன? இப்ப வளையத்துக்குப் பக்கத்துல இருக்கறது சவுத் போல், அதனால ஃபீல்ட் திரும்பிடுச்சுன்னு நினைக்கத் தோணும். ஆனா நல்லா பாருங்க, சவுத் போல் இப்ப வளையத்துக்குக் கீழ இருக்கு, ஃபீல்ட் கோடுகள் சவுத்துக்குள்ள போகணும், அப்ப வளையத்துக்கிட்ட கோடுகள் இன்னும் கீழ் நோக்கித்தான் போகுது. ஃபீல்ட் திரும்பவே இல்ல! மாறினது ஒண்ணுதான், முன்னாடி கூடிட்டு இருந்தது இப்ப குறையுது. "கீழே, குறையுது", இன்ட்யூஸ்ட் ஃபீல்டும் கீழே, மேல இருந்து பார்த்தா க்ளாக்வைஸ். ஃபீல்டும் திரும்பிடுச்சு, ஃப்ளக்ஸும் குறையுதுன்னு ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கிட்டா விடை மறுபடியும் ஆன்டிக்ளாக்வைஸ்னு வந்து நிக்கும், இங்கதான் மார்க் போகுது. மேக்னட்டோட நடுப்பகுதி சரியா வளைய மட்டத்துல இருக்கும்போது ஃப்ளக்ஸ் உச்சத்துல இருக்கு, அந்த நொடியில கரண்ட் பூஜ்யமாகி திசை மாறுது. கிராஃப் கேட்டா ரெண்டு எதிரெதிர் மேடு வரும், ரெண்டாவது மேடு உயரமாவும் குறுகலாவும் இருக்கும், ஏன்னா அதுக்குள்ள மேக்னட் வேகம் எடுத்திருக்கும்.

விசையை வெச்சு செக் பண்ணுங்க. வரும்போது வளையத்தோட மேல் முகம் நார்த் மாதிரி ஆகி நார்த்தைத் தள்ளுது, போகும்போது கீழ் முகம் நார்த் மாதிரி ஆகி சவுத்தை இழுக்குது. ரெண்டு தடவையும் மேக்னட்டுக்கு மேல் நோக்கித்தான் விசை, அதனால உள்ள வரும்போதும் வெளிய போகும்போதும் முடுக்கம் g-யை விட கம்மி. வளையத்துல ஒரு வெட்டு இருக்குன்னு கேள்வியில சொன்னா கதை வேற, சுற்று மூடலை, இ.எம்.எஃப் இருக்கும் ஆனா கரண்ட் ஓடாது, தடுப்பும் இருக்காது, முடுக்கம் g-யே.

இந்த "நார்த் வந்தா நார்த் முகம், நார்த் போனா சவுத் முகம்" டெக்னிக்கை மட்டும் வெச்சுக்கிட்டு ஓட்டறவங்க நிறைய பேர். மேக்னட் கணக்குல அது வேலை செய்யும். ஆனா மேல சொன்ன வயர் கணக்குல போல் எங்க இருக்கு? அங்க மாட்டிப்பீங்க. அதனால செக் பண்ண வெச்சுக்கோங்க, விடை கண்டுபிடிக்க ஃப்ளக்ஸ் வழியா போங்க.

இன்னொன்னு, எந்தப் பக்கம் இருந்து பார்க்கறோம்ங்கறது. மேல இருந்து பார்த்தா ஆன்டிக்ளாக்வைஸா தெரியற அதே கரண்ட் கீழ இருந்து பார்த்தா க்ளாக்வைஸ். கேள்வியில "காந்தம் இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது"ன்னு ஒரு வார்த்தை இருக்கும், அதை அடிக்கோடு போடாம விட்டா மத்ததெல்லாம் சரியா பண்ணியும் தப்பு ஆப்ஷனைத்தான் டிக் பண்ணுவீங்க.

சரி, இப்ப ஃபீல்ட் நிஜமாவே திரும்பற கணக்கு ஒண்ணு. 50 சதுர செ.மீ பரப்புள்ள லூப், ஃபீல்ட் பேப்பருக்குள்ள 0.4 டெஸ்லா. அது ஒரே சீரா குறைஞ்சு 2 செகண்ட்ல பூஜ்யம் ஆகுது, அப்படியே தொடர்ந்து 4 செகண்ட்ல வெளிப்பக்கமா 0.4 டெஸ்லா ஆகுது. கரண்ட் எப்ப திசை மாறும்? பூஜ்யத்தைத் தாண்டும்போது மாறும்னு உடனே சொல்லத் தோணும். எழுதிப் பாருங்க. முதல் 2 செகண்ட் "உள்ளே, குறையுது", இன்ட்யூஸ்ட் ஃபீல்ட் உள்ளே, க்ளாக்வைஸ். அடுத்த 2 செகண்ட் "வெளியே, கூடுது", இன்ட்யூஸ்ட் ஃபீல்ட் அதுக்கு எதிரா உள்ளே, மறுபடியும் க்ளாக்வைஸ். திசை மாறவே இல்ல. அளவும் மாறல, செகண்டுக்கு 0.2 டெஸ்லா மாறுது, பரப்பு 0.005 சதுர மீட்டர், பெருக்கினா 1 மில்லிவோல்ட், 4 செகண்டும் அதே 1 மில்லிவோல்ட்தான். ஃபீல்ட் பூஜ்யமா இருக்கற அந்த நொடியிலயும் கரண்ட் ஓடிட்டுத்தான் இருக்கு.

ஏன் இப்படின்னா மாற்றத்துக்குன்னு ஒரு திசை இருக்கு, ஃபீல்டோட திசை வேற அது வேற. உள்ளே போற ஃபீல்ட் குறையறதும் வெளியே வர்ற ஃபீல்ட் கூடறதும் ரெண்டுமே "வெளிப்பக்கமா மாற்றம்"தான். இன்ட்யூஸ்ட் ஃபீல்ட் அந்த மாற்றத்துக்கு எதிர்ப்பக்கம், அவ்வளவுதான். மேக்னட் கணக்குல ஃபீல்ட் திரும்பல ஆனா மாற்றம் திரும்புச்சு, அதனால கரண்ட் திரும்புச்சு. இங்க ஃபீல்ட் திரும்புச்சு ஆனா மாற்றம் திரும்பல, கரண்ட்டும் திரும்பல. இந்த ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு தடவை போட்டுட்டீங்கன்னா "எதை எதிர்க்கும்"ங்கற உங்க சந்தேகம் அதோட தீர்ந்துடும். கிராஃப் கொடுத்த கணக்குலயும் இதேதான், ஃப்ளக்ஸ் கோடு மேல இருக்கா கீழ இருக்கான்னு பார்க்காதீங்க, சரிவு எந்தப் பக்கம்னு பாருங்க.

"எதிர்க்கும்"ங்கற வார்த்தையில இன்னொரு சிக்கல், எதிர்க்கும்னா தடுத்து நிறுத்திடும்னு எடுத்துக்கறது. நிறுத்தாது. லூப்புக்கு ரெசிஸ்டன்ஸ் இருக்கு, அதனால கரண்ட்டுக்கு ஒரு அளவுதான் வரும், அது உண்டாக்கற ஃபீல்ட் பொதுவா வெளி ஃபீல்டை விட ரொம்பச் சின்னது, ஃப்ளக்ஸ் மாறறதை அதால தடுக்க முடியாது. சூப்பர்கண்டக்டர் வளையத்துல மட்டும்தான் ரெசிஸ்டன்ஸ் பூஜ்யம், அங்க கரண்ட் தேவையான அளவு வந்து மொத்த ஃப்ளக்ஸை மாறாம அப்படியே வெச்சிருக்கும்.

இந்த எதிர்ப்புக்கு எவ்வளவு விலைன்னு ஒரு சின்னக் கணக்குல பார்த்துடலாம். 10 செ.மீ பக்கமுள்ள சதுர லூப், ரெசிஸ்டன்ஸ் 0.2 ஓம், பேப்பருக்குள்ள போற 0.5 டெஸ்லா ஃபீல்ட்ல இருந்து வலது பக்கமா 2 மீ/செ வேகத்துல வெளிய இழுக்கறோம். ஃபீல்டோட வலது எல்லையைத் தாண்டிட்டு இருக்கு. "உள்ளே, குறையுது", க்ளாக்வைஸ். இ.எம்.எஃப் 0.5 × 0.1 × 2, அதாவது 0.1 வோல்ட், கரண்ட் 0.5 ஆம்பியர். இன்னும் ஃபீல்டுக்குள்ள இருக்கற இடது பக்கக் கம்பியில கரண்ட் மேல போகுது, அது மேல விசை இடது பக்கம், அளவு 0.5 × 0.5 × 0.1 = 0.025 நியூட்டன். நாம வலது பக்கம் இழுக்கறோம், விசை இடது பக்கம், திசை சரி. நாம செய்யற வேலை செகண்டுக்கு 0.025 × 2 = 0.05 ஜூல். லூப் சூடாகறதுக்குப் போறது 0.5 × 0.5 × 0.2 = 0.05 ஜூல். ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு. இதே லூப் இடது எல்லை வழியா உள்ள நுழையும்போது "உள்ளே, கூடுது", ஆன்டிக்ளாக்வைஸ், ஆனா விசை அப்பவும் இடது பக்கம்தான். முழுசா உள்ள இருக்கும்போது ஓடினாலும் கரண்ட் இல்ல, விசையும் இல்ல.

கடைசியா எந்தக் கை எப்பன்னு கேட்டீங்க. மூடின லூப் இருந்தா மேல சொன்ன ஃப்ளக்ஸ் வழி, அதுல வலது கை கட்டைவிரல் விதி போதும். லூப்பே இல்லாம ஒரு தனிக் கம்பி ஃபீல்டை வெட்டிட்டுப் போற கணக்குன்னா ஃப்ளெமிங் வலக்கை விதி போடுங்க, ஆட்காட்டி விரல் ஃபீல்ட், கட்டைவிரல் நகர்ற திசை, நடுவிரல் கரண்ட். ஃபீல்ட் உள்ளே, செங்குத்தான கம்பி வலது பக்கம் போகுதுன்னா கரண்ட் மேல் நோக்கி வரும், அதாவது கம்பியோட மேல் முனை பாசிட்டிவ். அந்த விதி அந்த நேரம் ஞாபகம் வரலைன்னாலும் பயப்பட வேண்டாம், கம்பிக்கு இடது பக்கம் ஒரு யூ வடிவ தண்டவாளம் இருக்கறதா கற்பனை பண்ணி பென்சில்ல வரைஞ்சுக்கோங்க. கம்பி வலது பக்கம் நகர்ந்தா பரப்பு கூடுது, "உள்ளே, கூடுது", ஆன்டிக்ளாக்வைஸ், லூப்போட வலது பக்கமா இருக்கற நம்ம கம்பியில கரண்ட் மேல. அதே விடை. ஃப்ளெமிங் இடக்கை விதி இங்க எதுக்கும் வராது, அது ஏற்கனவே ஓடிட்டு இருக்கற கரண்ட்டு மேல விசை எந்தப் பக்கம்னு பார்க்கத்தான், அதாவது விடையை செக் பண்ற அந்த ரெண்டாவது வேலைக்கு.